ஜூமில் எதை ஆன் செய்வது: முகத்துக்கான மெருகையா, வெளிச்சத்தையா?

ஜூமின் வீடியோ செட்டிங்கில் இரண்டு வசதிகள் உண்டு: Touch up my appearance, Adjust for low light. இரவில் ஆன்லைன் வகுப்பு எடுக்கும் நான் இரண்டாவதை மட்டும், அதுவும் Manual-க்கு மாற்றி வைத்திருக்கிறேன்.

முதலாவதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். அது தோலை மழமழப்பாக்கும். பக்கத்திலிருக்கும் ஸ்லைடரைக் கொஞ்சமாக நகர்த்தினால் யாருக்கும் தெரியாது; முழுக்க இழுத்தால் கன்னம் மெழுகுபொம்மை மாதிரி ஆகிவிடும். இரண்டு நாள் தாடியின் முள்முடிகூடக் கரைந்துபோகும். பத்துப் பேர் கட்டங்களுக்குள் இருக்கும்போது பரவாயில்லை, நம்மை மட்டும் பெரிதாக வைத்துப் பார்க்கிறவருக்குக் கட்டாயம் உறுத்தும்.

வெளிச்ச விஷயம்தான் கொஞ்சம் ஆழமானது. ஒளி குறைந்தால் லேப்டாப் கேமரா தனக்குக் கிடைத்த சிக்னலைப் பெருக்குகிறது. கூடவே புள்ளி புள்ளியான இரைச்சலும் பெருகுகிறது. அந்தப் படத்தைத்தான் ஜூம் மேலும் வெளுப்பாக்குகிறது. Auto-வில் விட்டால், வெள்ளை ஸ்லைடிலிருந்து கறுப்பு ஸ்லைடுக்கு மாறும்போது திரையின் ஒளி முகத்தில் குறையும், உடனே படம் தானாக ஏறி இறங்கும். Manual-இல் வெளிச்ச ஸ்லைடரை நாமே ஓரிடத்தில் நகர்த்தி வைப்பதால் அந்தத் தொல்லை குறைவு.

ஆனால் ஸ்லைடரைவிட முக்கியம், ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது. என் அறையில் டியூப்லைட் முதுகுக்குப் பின்னால் இருந்தது. முகம் தெரிய ஸ்லைடரைப் பாதிக்கு ஏற்றினால் சுவர் வெளிறிப்போகும், கறுப்புச் சட்டை சாம்பலாகும். மாநிறத் தோலிலும் அந்தச் சாம்பல் படிந்து, காய்ச்சலில் எழுந்து வந்த களை வந்துவிடும். சட்டை மடிப்பில் புள்ளிகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். இதன்மேல் மெருகையும் ஏற்றினால் முகத்துப் புள்ளிகள் மறையும், காலரில் மட்டும் ஊரும். தலையை வேறு உடம்பில் ஒட்டவைத்தது போலிருக்கும். படம் செயற்கையாகத் தெரிவது பெரும்பாலும் இந்தக் கூட்டணியால்தான்.

மேசையைத் திருப்பி டியூப்லைட்டை எதிரே கொண்டுவந்தேன். இப்போது கால்வாசி ஏற்றினாலே தாராளம்.

சோதித்துப் பார்க்க, தனியாக ஒரு மீட்டிங் திறந்து ஒரு நிமிடம் ரெக்கார்ட் செய்யுங்கள். தலையைத் திருப்புங்கள், கையைக் கன்னத்துக்குக் குறுக்கே கொண்டுபோங்கள். அப்புறம் முழுத்திரையில் ஓடவிட்டு, கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்தையும் முடி தொடங்கும் இடத்தையும் காலரையும் பாருங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் ஒட்டவில்லையென்றால் முதலில் மெருகைக் குறைப்பேன், வெளிச்சத்தை அப்புறம்தான் தொடுவேன்.

கூகுள் மீட்டில் நான் அதிகம் புழங்கியதில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். அங்கே Portrait touch-up-இல் Subtle, Smoothing என்று இரண்டு நிலைகள். பார்த்தவரை Subtle-ஐத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை.