என் மேசைக்கு மேலே ஓர் ஈரக்கறை: நான்கு தேதிகளும் ஒரு மின்னஞ்சலும்

வடக்கு மாசி வீதியையொட்டிய சந்து ஒன்றில், முதல் மாடியில், எங்கள் வரிக்கணக்கு அலுவலகம் இருக்கிறது. கீழே காலியாகும் கடையை எடுக்கலாமா என்று நண்பர் கேட்டதால் எழுதுகிறேன். வாடகை நியாயமானது. உரிமையாளர் ஒருநாளும் கடிந்து பேசாத பெரியவர். ஆனாலும் என் மேசைக்கு நேர் மேலே தாம்பாள அளவில் இருந்த ஈரக்கறை எங்களைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. வாடிக்கையாளரின் பற்றுச்சீட்டுக் கட்டு ஒன்று நனைந்து மை கலைந்துபோக, அவரிடமே நகல் கேட்டு நின்றேன்.

தொலைபேசியில் சொல்லும்போதெல்லாம் கொத்தனார் வருவார். வெளிச்சுவர் விரிசலில் மழைநீர் இறங்குகிறது என்பார். காறையைச் சுரண்டிப் பட்டி பார்த்து வெள்ளையடித்துவிட்டுப் போவார். பிப்ரவரியில் ஈரம் மின்விசிறி வயரை எட்டி, மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழத் தொடங்கியதும், பழைய வாட்ஸ்அப் செய்திகளிலிருந்து தேதிகளைத் திரட்டி மின்னஞ்சல் எழுதினேன்.

“மதிப்பிற்குரிய ஐயா, இக்கசிவு குறித்து 9.11.2023, 15.7.2024, 21.11.2024 ஆகிய நாள்களில் தங்களிடம் தெரிவித்தேன், இன்று, 20.2.2025, நான்காம் முறையாகத் தெரிவிக்கிறேன். ஜூலையும் பிப்ரவரியும் நம் ஊரில் மழைக்காலம் அல்ல. மேலும், பொங்கலுக்கு மாடிவீட்டார் ஊருக்குப் போயிருந்த ஐந்து நாளில் கறை காய்ந்துவிட்டது. மேல்தொட்டிக் குழாயில் அப்போதும் தண்ணீர் நின்றதால், ஓட்டை அதில் இருந்திருந்தால் கசிவு நின்றிருக்காது. ஆகவே அவர்கள் குளியலறைத் தரையில் தண்ணீர் வெளியேறும் வடிகுழியான நஹானி டிராப்பைச் சோதிக்க வேண்டுகிறேன். அதன் வாயை அடைத்துத் தரையில் ஒருநாள் தண்ணீர் தேக்கும்போது கசிந்தால் குறை தளத்தில் உள்ளது. திறந்துவிட்ட பின் கசிந்தால் டிராப்பில் உள்ளது. கறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டு வைத்துள்ளேன். மின்சார அபாயம் இருப்பதால் இவ்வாரமே ஆவன செய்யக் கோருகிறேன்.”

தேதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்திராவிட்டால் மழைமீது பழிபோடும் வழக்கத்தை நானும் விட்டிருக்க மாட்டேன். மறுநாளே பெரியவர் பிளம்பரோடு வந்தார். தண்ணீர் தேங்கிய ஒருநாளும் கறை நகரவில்லை. திறந்துவிட்ட ஒரு மணி நேரத்தில் பென்சில் கோட்டைத் தாண்டிவிட்டது. டிராப்புக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே பூச்சு விட்டுப்போயிருந்தது. உடைத்து, புது டிராப் வைத்து, சுற்றிலும் நீர்த்தடுப்புப் பூச்சிட்டு, டைல்ஸ் ஒட்டி முடிக்க நான்கு நாள் ஆயிற்று. அதன்பின் ஒரு சொட்டும் இறங்கவில்லை. இந்தச் செலவில் ஒரு ரூபாய்கூடப் பெரியவர் எங்களிடம் கேட்கவில்லை. நானும் 11 மாத ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டேன்.

நண்பரிடம் மட்டும் இப்போதைக்கு வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறேன். அந்தக் கடை எங்கள் கழிப்பறைக்கு நேர் கீழே இருக்கிறது. அந்தக் கழிப்பறையின் டிராப்பும் கட்டடம் எழும்பியபோது வைத்த அதே பழையதுதான். அதையும் சோதிக்கும்படி நான் எழுதிய இரண்டாவது மின்னஞ்சலுக்கு இன்னும் பதில் வரவில்லை.