‘போரான் பிளேடு’ என்று விற்றார்கள்: ரோட்டவேட்டர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

மன்னார்குடி பக்கம் ரோட்டவேட்டர் ஓட்டுகிறவர்கள் அடுத்த செட் பிளேடு வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். தாளடி உழவுக்காக அண்ணன் ஒரு செட் எல் டைப் பிளேடு வாங்கினார். பெட்டியில் ‘போரான் ஸ்டீல்’ என்று பெரிதாகப் போட்டிருந்தது, விலையும் அதற்கேற்ற விலைதான். முதல் வயலிலேயே மூன்று பிளேடு போல்ட் ஓட்டை ஓரமாகப் படக்கென்று முறிந்தது. ஒரு துண்டு தெறித்து வரப்பில் போய் விழுந்தது. அங்கே ஆள் நிற்காதது நல்ல நேரம்.

கடைக்காரர் சொன்ன பதில்: “வயல்ல கல்லு கிடந்திருக்கும் தம்பி, நாங்க என்ன பண்றது?” நம் வண்டல் களியில் கல்லா! உழவு நடந்த இடம் முழுக்கத் தேடினாலும் கூழாங்கல்கூடக் கிடைக்காது.

நான் துவாக்குடியில் ஹீட் ட்ரீட்மென்ட் செய்யும் இடத்தில் வேலை பார்ப்பவன். முறிந்த துண்டுகளை எடுத்துப் போய்ப் பார்த்தேன். முறிவு தட்டையாக, சாம்பல் நிறத்தில் மினுமினுவென்று இருந்தது. கொஞ்சம்கூட வளையவில்லை. நல்ல பிளேடு என்றால் வளைந்து, நார் நாராகக் கிழிந்துதான் விடும். ஒரு துண்டில் ஓட்டை விளிம்பிலிருந்து நகக்கண் அகலத்துக்குத் துரு ஏறியிருந்தது. அன்றைக்கு முறிந்த இடத்தில் துரு எப்படி வரும்? பிளேடு கடைக்கு வரும்போதே விரிசல் இருந்திருக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது என்று சொல்கிறேன். ஸ்டீலை 850 டிகிரி அளவில் சிவக்கக் காய்ச்சினால், இரும்பு அணுக்களின் அடுக்கு மாறி, அதற்குள் கார்பன் கரைந்து உட்கார்ந்துகொள்ளும். மெதுவாக ஆறவிட்டால் கார்பன் நகர்ந்து வெளியே வந்து, இரும்போடு சேர்ந்து தனிக் கார்பைடாகத் திரளும், ஸ்டீலும் மெத்தென்று ஆகும். சடாரென்று தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கினால் கார்பனுக்கு நகர நேரமில்லை. ஆனால் அடுக்கு மாறியே ஆக வேண்டும். அதனால் அணுக்கள் ஒவ்வொன்றாக இடம் பெயராமல், கூட்டமாகச் சரிகின்றன. பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் பக்கத்து ஆள் மாறாமல் வரிசையோடு கொஞ்சம் நகர்ந்து உட்காருவது போலத்தான். ஒரு அணு நகரும் தூரம் பக்கத்து அணுவுக்கு உள்ள இடைவெளியைவிடக் குறைவு. அதனால்தான் இது ஏறக்குறைய ஒலி ஓடும் வேகத்தில் நடந்து முடிந்துவிடுகிறது. இந்தக் கட்டமைப்புக்கு மார்ட்டென்சைட் என்று பெயர்.

புதிய அடுக்கில் கார்பனுக்கு இடம் கிடையாது. சிக்கிக்கொண்ட கார்பன் அடுக்கை ஒரு பக்கமாக இழுத்து நீட்டிவிடுகிறது. உலோகம் வளைவதென்றால் உள்ளே அணு வரிசைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்க வேண்டும். கோணிப்போன அடுக்கில் அது நடக்காது. வழுக்காததால் கடினம், வழுக்காததாலேயே அடி விழுந்தால் விரிசல்தான். போதாததற்கு மார்ட்டென்சைட் ஆகும்போது உலோகம் சற்றுப் பருக்கும். மேல்பகுதி முதலில் இறுகிவிட, உள்பகுதி பிறகு பருத்து அதைத் தள்ளும். ஓட்டை, வளைவு போன்ற இடங்களில் அந்த இழுவை குவியும். பூட்டாமல் பெட்டியிலேயே கிடந்த ஒரு பிளேடிலும் விரிசல் இருந்தது அதனால்தான்.

இதைச் சரிசெய்யத்தான் டெம்பரிங். முக்கி எடுத்த உடனே 400 டிகிரி பக்கம் மறுபடி காய்ச்சி ஒரு மணி நேரம் வைத்தால், சிக்கிய கார்பனில் பெரும்பகுதி பொடிக் கார்பைடாக வெளியே வந்துவிடும். கடினம் கொஞ்சம் இறங்கும், உதறல் தாங்கும். கரண்டு செலவை மிச்சம் பிடிக்க இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

கடினத்தை அளக்கும் ராக்வெல் மெஷினில் வைத்தால் போல்ட் ஓட்டைப் பக்கம் 58 காட்டியது. அந்த இடம் 40 சுற்றி இருந்தால் போதும். 58 இன்னொரு பொய்யையும் காட்டிக்கொடுத்தது. மார்ட்டென்சைட்டின் கடினத்தை நிர்ணயிப்பது கார்பன் அளவுதான், போரானோ மாங்கனீஸோ அதைக் கூட்டாது. பிளேடுக்குப் போடும் போரான் ஸ்டீலில் கார்பன் 0.3 சதவீதம்தான் இருக்கும், எவ்வளவு முக்கினாலும் 50-ஐ ஒட்டித்தான் நிற்கும். 58 வர 0.45 சதவீதம் பக்கமாவது கார்பன் வேண்டும். ஆக, இது போரான் ஸ்டீலே இல்லை, ஏதோ ஸ்பிரிங் பட்டையாக இருக்கலாம்.

இதைச் சொன்ன பிறகும் கடைக்காரர் மாற்றித் தரவில்லை. விரிசல் இல்லாதவற்றை மட்டும் எங்கள் ஃபர்னஸில் டெம்பர் செய்தேன், 45-க்கு இறங்கின. மீதி பழைய இரும்புக்குப் போனது.

வாங்கும்போது ஒரு புது அரத்தைக் கையோடு கொண்டுபோங்கள். பெயின்டைச் சுரண்டிவிட்டு, போல்ட் ஓட்டைப் பக்கம் இழுத்துப் பாருங்கள். லேசாகக் கடித்துத் தூள் வந்தால் சரி. கண்ணாடி மேல் போவது போல வழுக்கினால் அந்த செட் வேண்டாம். முனை கொஞ்சம் வழுக்கலாம், அது கடினமாகத்தான் இருக்க வேண்டும். அப்புறம், முறிந்ததை வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள். பற்றுக்குப் பக்கத்தில் சிவந்த இடத்தின் சூட்டை மீதி இரும்பு சட்டென்று உறிஞ்சிவிடும். அங்கே மறுபடி அதே மார்ட்டென்சைட் உருவாகி, அடுத்த முறிவு பற்றின் ஓரத்திலேயே வரும்.