தாத்தா கடைப் பேரேட்டை விரிதாளில் ஏற்றியது: இரண்டரை வருட அனுபவம்

எங்கள் தாத்தாவின் மளிகைக் கடைக் கணக்கு மூன்று தடித்த நோட்டுகளாக வீட்டில் கிடந்தது. விஜய வருடத்தில் தொடங்கி ஹேவிளம்பியில் முடிகிறது, அதாவது 1953 முதல் 1958 வரை. எழுதியது ஒரே கணக்குப்பிள்ளை, அழகான கையெழுத்து. இரண்டரை வருடமாகச் சனி, ஞாயிறுகளில் உட்கார்ந்து விரிதாளில் ஏற்றிவருகிறேன். ஆரம்பத்தில் நான் போட்ட அமைப்பு ஆறு மாதத்தில் உடைந்தது. இப்போது இருப்பது இரண்டாவது அமைப்பு, இதுவரை தாங்குகிறது.

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். நோட்டில் 4-3-6 என்று இருந்தால் 4 ரூபாய், 3 அணா, 6 பைசா. இந்தப் பைசா இன்றைய பைசா இல்லை, தம்படி என்பார்களே அது. 12 பைசா ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய், ஆக ரூபாய்க்கு 192. நான் அப்படியே 4-3-6 என்று ஒரே கட்டத்தில் அடித்தேன். விரிதாள் அதை 2006ஆம் வருடத் தேதி என்று எடுத்துக்கொண்டது! அன்றே ரூபாய், அணா, பைசா மூன்றுக்கும் தனித்தனிப் பத்தி போட்டேன். பக்கத்தில் இன்னொரு பத்தியில் எல்லாவற்றையும் பைசாவாக்கிவிடுவேன். கூட்டல் அங்கேதான் நடக்கும். கூட்டி வந்ததைத் திரும்ப ரூபாய், அணா, பைசாவாகப் பிரிக்க அடுத்த மூன்று வரிகள்.

```
=F2*192+G2*12+H2
=INT(I8/192)
=INT(MOD(I8,192)/12)
=MOD(I8,12)
```

தொகையைவிட அதிகமாகப் படுத்தியது மேற்படிக் குறிதான். கணக்குப்பிள்ளை இரண்டு விதமாகப் போட்டிருக்கிறார். சில இடத்தில் ௸ என்ற பழைய எழுத்து, சில இடத்தில் வெறும் இரண்டு கோடு. முதல் ஆறு மாதம் நான் சாதாரண எழுத்துக் கோப்பில், காற்புள்ளி போட்டுப் பிரித்து அடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கோட்டுக்கு விசைப்பலகையில் இருக்கும் `"` குறியையே போட்டேன். பிறகு அதை விரிதாளில் திறந்தால் ஒரு பக்கத்தின் பாதியைக் காணோம். தேடினால் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் அடைந்து கிடக்கிறது. கட்டத்தின் தொடக்கத்தில் `"` வந்தால், அடுத்த `"` வரும்வரை எல்லாமே ஒரே சொற்றொடர் என்று நிரல் எடுத்துக்கொள்ளும். நடுவில் வரும் காற்புள்ளிக்கும் வரி முடிவுக்கும் மதிப்பே கிடையாது. பக்கத்தில் இந்தக் குறி இரட்டைப்படையில் வந்தால் இடையில் உள்ள சில வரிகளோடு போகும், ஒற்றைப்படையில் வந்தால் மீதிப் பக்கமே போகும். இப்போது இரண்டு கோட்டுக்கு 〃 போடுகிறேன். ௸ இருந்த இடத்தில் ௸தான். பழைய எழுத்துரு இருக்கும் கணினியில் ௸ வெறும் கட்டமாகத் தெரியலாம், எழுத்துருவை மாற்றினால் சரியாகிவிடும்.

இரண்டையும் ஒன்றாக்கி விடலாமே என்று எனக்கும் தோன்றியது. நல்லவேளை, செய்யவில்லை. நூறு பக்கம் தாண்டிய பிறகுதான் கண்ணில் பட்டது: அவர் ஆள் பெயருக்குக் கீழே ௸ போடுகிறார், சரக்குப் பெயருக்குக் கீழே கோடு போடுகிறார். ஒரே விவரப் பத்தியில் பெயரும் சரக்கும் மாறி மாறி வரும் பக்கங்களில் குறிக்கு மேலே இருப்பது ஆளா சரக்கா என்பதற்கு இதுதான் துப்பு.

மேற்படியை விரிக்காமல் விட்டால், விவரப் பத்தியை அகரவரிசையில் அடுக்கிய அடுத்த நொடி எந்த ௸ யாருடையது என்று தெரியாமல் போய்விடும். விரித்தே அடித்தால் அவர் எழுதியது போய்விடும். எனவே இரண்டு பத்தி: ஒன்று எழுதியபடி, இன்னொன்று விரித்தது. விரிப்பதைச் சூத்திரமே செய்யும். அது மேல் வரியைப் பார்த்து எடுப்பதால், அடுக்குவதற்கு முன் விரித்த பத்தியை நகலெடுத்து மதிப்பாக மட்டும் ஒட்டிவிட வேண்டும். அதிலும் ஒரு பொறி இருந்தது. பக்க நடுவில் 'ஆக' என்று ஒரு துணை மொத்தம் வரும், அதற்குக் கீழே மறுபடியும் 〃 வரும். அது மேலே உள்ள 'ஆக'வைக் குறிக்காது, அதற்கும் மேலே உள்ள துவரம் பருப்பைக் குறிக்கும். என் முதல் சூத்திரம் இதை உணராமல், 'ஆக' என்றொரு சரக்கை நாற்பது தடவை விற்றதாகக் காட்டியது. அதனால் வரியின் வகை என்று ஒரு பத்தி சேர்த்தேன்.

```
=IF(OR(D3="௸",D3="〃",J3="மொத்தம்"),E2,D3)
```

தொகைப் பத்தியில் வரும் சிறு கோடு வேறு. அது மேற்படி இல்லை, 'ஒன்றுமில்லை' என்று அர்த்தம். அங்கே 0 போடுகிறேன்.

அப்புறம், மொத்தங்கள். இவற்றை அடிக்காமல் விட்டுவிடலாம், கூட்டலைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்று என் மைத்துனர் சொன்னார். நான் கேட்கவில்லை. ஒவ்வொரு பக்கமும் சரிதானா என்று சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? ஒரு பக்கத்தில் ஐந்து வரி: 4-3-6, 2-11-0, 1-9-3, 12-5-6, 0-14-9. கணக்குப்பிள்ளை போட்ட மொத்தம் 21-12-0. எனக்கு வந்தது 21-6-6. வித்தியாசம் 5 அணா 6 பைசா, அதாவது 66 பைசா. 66ஐ 11ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 6. அணாவையும் பைசாவையும் இடம் மாற்றி அடித்தால் வித்தியாசம் எப்போதும் 11இன் மடங்காக வரும், ஏனென்றால் அணாவுக்கு 12, பைசாவுக்கு 1. ஈவு 6 என்றால் அந்த வரியில் இரண்டுக்கும் இடைவெளி 6. என் மொத்தம் குறைவு, ஆகவே பைசா அணாவைவிட 6 அதிகமாக இருக்கும் வரியைத் தேட வேண்டும். நான் அடித்ததில் அப்படி ஒன்றே ஒன்று, 1-3-9. நோட்டில் 1-9-3. ஐந்து நிமிடம் தேடுவது அரை நிமிடத்தில் முடிந்தது. வித்தியாசம் 180இன் மடங்காக வந்தால் ரூபாயும் அணாவும் இடம் மாறியிருக்கலாம். சரியாக 12 அல்லது 192 என்றால் ஒரு பத்தியில் ஒன்று கூடவோ குறையவோ படித்திருப்பேன். இரண்டு பிழை சேர்ந்து வந்தால் இந்த வித்தை பலிக்காது, வரி வரியாகப் பார்க்க வேண்டியதுதான்.

1957 ஏப்ரல் 1க்குப் பிறகு நயா பைசா. அங்கே என் சோதனை தடுமாறியது. ஓர் அணாவுக்கு 6 நயா பைசா என்றுதான் மாற்றினார்கள், ஆனால் நான்கு அணாவுக்கு 25. ஓர் அணாச் சரக்கு நான்கை வரிக்கு வரி மாற்றினால் 24, மொத்தத்தை மாற்றினால் 25. இந்த ஒரு பைசா வித்தியாசத்தைப் பிழை என்று குறிக்காமல் தனி நிறத்தில் விட்டிருக்கிறேன்.

அவரே தப்பாகக் கூட்டிய பக்கமும் உண்டு. ஒரு பக்கத்தில் 4 அணா இடித்தது. மூன்று தடவை சரிபார்த்தும் என் பக்கம் தப்பில்லை. அவர் மொத்தத்தை மாற்றாமல் எழுதியபடியே வைத்து, குறிப்பில் 'கூட்டினால் 0-4-0 குறைவு' என்று போட்டேன். சின்ன வயதில் கடையில் நின்ற சித்தப்பாவிடம் காட்டினேன். "அன்னைக்கு ராத்திரி பெட்டியை எண்ணும்போதே தெரிஞ்சிருக்கும்டா, ரெண்டு பக்கம் தள்ளிப் பாரு" என்றார். தள்ளிப் பார்த்தேன். மூன்றாவது பக்கத்தின் வரவில், பெயரோ சரக்கோ இல்லாமல் 'முன் கூட்டல் பிழை 0-4-0' என்று ஒரு வரி இருந்தது. அதை ஏற்கெனவே அடித்திருந்தேன், எதற்கென்றுதான் அப்போது புரியவில்லை.