பிரஷர் அட்வான்ஸ் அளக்க டவரா, பேட்டர்னா?

பெங்களூரு பீன்யா பட்டறைகளுக்கு 3டி பிரிண்டரில் சென்சார் பெட்டிகள் அச்சடித்துத் தருகிறேன். மூடி பெட்டிக்குள் இறங்கி உட்கார வேண்டும். மூலைகள் கொஞ்சம் புடைத்தாலும் அது நடக்காது. அதனால் பிரஷர் அட்வான்ஸ் மதிப்பைச் சரியாக வைத்தே ஆக வேண்டும். கிளிப்பர் ஃபர்ம்வேர் ஓடும் பிரிண்டரில் அதை அளக்கப் பலரும் பயன்படுத்துவது டவர், பேட்டர்ன் என்ற இரண்டு சோதனை அச்சுகள். இரண்டையும் பயன்படுத்திப் பார்த்து நான் பேட்டர்னுக்கு மாறிவிட்டேன்.

மூலை புடைப்பதற்குக் காரணம் எளிது. தலை வேகமாகப் போகும்போது நாசிலுக்குள் அழுத்தம் ஏறுகிறது. மூலையில் வேகம் குறைந்தாலும் அழுத்தம் உடனே இறங்குவதில்லை, மிச்சப் பிளாஸ்டிக் அங்கே வழிகிறது. பிரஷர் அட்வான்ஸ் வைத்தால், வேகம் ஏறும்போது எக்ஸ்ட்ரூடர் கூடுதலாகத் தள்ளும், வேகம் இறங்கும்போது முன்கூட்டியே குறைத்துக்கொள்ளும்.

டவர் முறையில், உயரம் ஏற ஏற மதிப்பும் ஏறும்படி ஒரு சதுரக் கோபுரம் அச்சாகும். டைரக்ட் டிரைவுக்கான கட்டளைகள் இவை:

```
SET_VELOCITY_LIMIT SQUARE_CORNER_VELOCITY=1 ACCEL=500
TUNING_TOWER COMMAND=SET_PRESSURE_ADVANCE PARAMETER=ADVANCE START=0 FACTOR=.005
```

மூலை நன்றாக இருக்கும் உயரத்தை காலிப்பரால் அளந்து 0.005-ஆல் பெருக்கினால் மதிப்பு கிடைத்துவிடும். முதல் தடவை, மதிப்பு எந்தப் பக்கம் இருக்கும் என்றே தெரியாதபோது இது நல்ல வழி. முடிந்ததும் RESTART கொடுத்தால் ஆக்சிலரேஷன் பழையபடி ஆகிவிடும்.

சிக்கல் படிப்பதில்தான் இருக்கிறது. என் பி.இ.டி.ஜி. கோபுரத்தில் 9 மி.மீ. உயரத்திலும் மூலை நன்றாக இருந்தது, 11-லும் நன்றாக இருந்தது. அதாவது 0.045-லிருந்து 0.055 வரை எதுவும் இருக்கலாம். நடுவில் 0.050 என்று வைத்துக்கொண்டால் சுமாராக ஓடும். ஆனால் 500 ஆக்சிலரேஷனில் பார்த்த மூலையை வைத்து 3000-இல் ஓடும் பெட்டியை முடிவு செய்வது எனக்கு ஒப்பவில்லை.

பேட்டர்ன் முறையில் V வடிவக் கோடுகள் அடுத்தடுத்து அச்சாகும், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு. பக்கத்திலேயே எண்ணும் அச்சாகிவிடும். ஆர்கா ஸ்லைசரில் 0.03 முதல் 0.07 வரை, 0.002 இடைவெளியில் வைத்தேன். விளக்கைச் சாய்த்துப் பிடித்து V-இன் முனையைப் பாருங்கள். மதிப்பு குறைவாக இருந்தால் முனை உருண்டு வெளியே தள்ளியிருக்கும். அதிகமானால் முனை மெலிந்து, கோட்டுக்கு நடுவே இடைவெளி விழும். எனக்கு 0.046-இலும் 0.048-இலும் கூர்மை வந்தது. 0.046-ஐ எடுத்துக்கொண்டேன். இரண்டு மதிப்புகள் ஒரே மாதிரி தெரிந்தால் குறைவானதை எடுப்பதே என் வழக்கம். அதிகமாகிவிட்டால் வரும் இடைவெளி சுவரையே பலவீனப்படுத்தும், புடைப்பு அப்படிச் செய்யாது.

என்னை மாற்றியது துல்லியம் மட்டும் இல்லை, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருப்பதுதான். பி.எல்.ஏ.வுக்கு வந்த மதிப்பு பி.இ.டி.ஜி.க்கு ஒத்துவராது. அதே பி.இ.டி.ஜி.யில்கூட நிறமோ தயாரிப்பாளரோ மாறினால் மதிப்பு நகரும், நாசில் வெப்பம் மாறினாலும் நகரும். ஒவ்வொரு தடவையும் கோபுரம் முடியும்வரை உட்கார்ந்திருக்க முடியாது. பேட்டர்ன் சில லேயர்களில் முடிந்துவிடும், கொஞ்சம் ஃபிலமென்ட்தான் செலவாகும். வேலை சுலபமாக இருந்தால்தான் சுருள் மாற்றும்போதெல்லாம் செய்வோம். வந்த மதிப்பை printer.cfg-இல் வைக்காமல், ஸ்லைசரில் அந்த ஃபிலமென்டின் தொடக்க ஜி-கோடில் போடுகிறேன்:

```
SET_PRESSURE_ADVANCE ADVANCE=0.046
```

இப்படிச் செய்தால் சுருளோடு மதிப்பும் தானாக மாறிவிடும். ஸ்லைசரில் கோஸ்டிங் இருந்தால் முதலில் அணைத்துவிடுங்கள். அதுவும் இதே வேலையில் கை வைப்பதால் இரண்டும் குழம்பிவிடும்.

பேட்டர்னுக்கும் ஒரு பலவீனம் உண்டு: அடித்தளம் சமமாக இல்லாவிட்டால் முதல் லேயர் பொய் சொல்லும். நான் மேல் லேயரை மட்டும்தான் பார்ப்பேன்.

கோடு தொடங்கும் இடத்தில் வரும் புடைப்பை மட்டும் இரண்டு சோதனைகளாலும் முழுதாகத் தீர்க்க முடியாது. தொடக்கம் தடித்து, முடிவு மெலிந்து இடைவெளி விட்டால் மதிப்பு அதிகம் என்று அர்த்தம், குறையுங்கள். மூலைகள் கூர்மையாக இருந்தும் தொடக்கத்தில் மட்டும் சின்ன உருண்டை நின்றால், அது தலை நகரும்போது ஒழுகியது. அங்கே பிரஷர் அட்வான்ஸைத் தொடாதீர்கள். பெங்களூரு மழைக்காலத்தில் திறந்து கிடந்த பி.இ.டி.ஜி. ஈரம் குடித்திருக்கும், காய வைத்துப் பாருங்கள். அப்புறம் ரிட்ராக்ஷனைப் பாருங்கள். பிரஷர் அட்வான்ஸ் சரியானபின் பெரும்பாலும் அதைக் குறைக்கவும் முடியும்.

போடன் பிரிண்டரில் எனக்கு அனுபவம் குறைவு. அதில் மதிப்பு பல மடங்கு பெரிதாக இருக்கும். கோபுரத்துக்கு FACTOR-ஐ .020 என்று வைப்பார்கள். அந்த அகன்ற எல்லையைத் தேட டவரே வசதியாக இருக்கலாம்.