பர்கருக்கு உதவும் கொழுப்பு கட்லட்டை வெடிக்க வைக்கும்

ஹட்டனில் நான் இறைச்சி வாங்கும் கடையில் மின்ஸ் கேட்டால் ஒரே ஒரு வகைதான் உண்டு. வெட்டும்போது மிஞ்சிய துண்டுகள் எல்லாம் எந்திரத்துக்குள் போகும். ஒரு வாரம் நல்ல சிவப்பாக வரும், அடுத்த வாரம் வெளிறிப்போய் வரும். அந்த நிற மாற்றம் பெரும்பாலும் கொழுப்பின் வேலை. அதே மின்ஸில் பர்கர், கபாப், கட்லட் மூன்றையும் செய்தால் ஏதாவது ஒன்று சரிவராமல் போகும், ஏனென்றால் மூன்றும் கேட்கும் கொழுப்பின் அளவு வேறு.

வெளிநாட்டுச் சமையல் குறிப்புகளில் 80/20 என்று ஒரு கணக்கு வரும். எடையில் 80 பங்கு சதை, 20 பங்கு கொழுப்பு என்று அர்த்தம். நம் கடைகளில் அப்படி எழுதி ஒட்டியிருக்காது. ஆனால் மலைநாட்டுக் குளிர் நமக்கு ஒரு வசதி செய்து தருகிறது. 200 கிராம் மின்ஸை நன்றாக உதிர்த்து, தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, சூடாக இருக்கும்போதே வடிகட்டி, அந்தத் தண்ணீரை இரவு முழுக்க சமையலறையில் வையுங்கள். காலையில் மேலே வெள்ளைத் தட்டாகக் கொழுப்பு உறைந்திருக்கும். எடுத்து, ஈரம் துடைத்து நிறுங்கள். 30 கிராம் இருந்தால் ஏறக்குறைய 15 சதவீதம். கொஞ்சம் இறைச்சிக்குள்ளேயே தங்கிவிடும் என்பதால் உண்மையான அளவு இதைவிடச் சற்றுக் கூடத்தான் இருக்கும்.

பர்கரில்தான் கொழுப்பு இல்லாத குறை முதலில் தெரியும். சூடு ஏற ஏற சதை சுருங்கி, உள்ளே இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். கொழுப்பு இருந்தால் அது உருகி, சதைத் துணுக்குகளுக்கு நடுவே நின்று, அவை ஒன்றோடொன்று இறுகாமல் பார்த்துக்கொள்ளும். 7 சதவீத மின்ஸில் செய்த பர்கரைக் கடித்தால் செருப்புத் தோல் மாதிரி இருக்கும். 20 சதவீதத்தில் செய்தது பல்லுக்கு இளகிக் கொடுக்கும். 30-க்குப் போனால் தாச்சியில் எண்ணெய் குளம் கட்டி, உள்ளங்கை அளவில் தட்டியது பிஸ்கட் அளவுக்குச் சுருங்கிவிடும்.

இதில் நம் வீடுகளுக்கு ஒரு விசேஷம். நடுவில் சிவப்பாக விட்டால் யாரும் தொடமாட்டார்கள், மின்ஸைப் பொறுத்தவரை அதுதான் சரியும்கூட. முழுத் துண்டில் கிருமி வெளிப்புறத்தில் இருக்கும். அரைத்துவிட்டால் உள்ளே முழுக்கக் கலந்துவிடும். அதனால் நடுப்பகுதி 71 பாகை செல்சியசைத் தொட வேண்டும். அவ்வளவு வேகவைத்தும் ஈரம் மிஞ்ச வேண்டுமென்றால் 20 சதவீதத்துக்குக் கீழே போகாதீர்கள். உப்பைக் கலவையில் பிசையவும் வேண்டாம், தட்டிய பிறகு மேலே தூவினால் போதும். பிசைந்தால் பர்கர் சொசேஜ் மாதிரி இறுகிப்போகும்.

கபாபுக்கு இதற்கு நேர் எதிர். அங்கே அந்த இறுக்கம்தான் வேண்டும், இல்லாவிட்டால் கம்பியில் நிற்காது. ஒரு கிலோவுக்கு 15 கிராம் உப்புப் போட்டு, ஐந்து நிமிடமாவது அழுத்திப் பிசையுங்கள். உப்பு சதையின் புரதத்தை இளக்கிப் பசையாக்கும். ஒரு உருண்டையை உள்ளங்கையில் ஒட்டிக் கையைக் கவிழ்த்துப் பாருங்கள். விழாமல் நின்றால் பதம் சரி. வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, சாற்றைப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். கொழுப்பு 15 சதவீதம் இருந்தால் எனக்குத் திருப்தி. வெறும் சதையில் செய்தது கம்பியில் கம்பீரமாக நிற்கும், வாயில் மரத்தூளாகக் கரகரக்கும். 20-ஐத் தாண்டினால் கொழுப்பு தணலில் சொட்டித் தீ எழும்பி, கபாப் கரி பிடிக்கும், பாதி கம்பியிலிருந்து வழுகும். பிசையும்போது கை வழுவழுப்பாகி கலவை களி மாதிரி ஆனால், கொழுப்பு இளகத் தொடங்கிவிட்டது. உடனே குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுங்கள்.

மாட்டிறைச்சி சாப்பிடாத வீடுகளில் ஆட்டிறைச்சி. ஆட்டுக் கொழுப்பு மாட்டுக் கொழுப்பைவிடச் சீக்கிரம் உறையும். நுவரெலியாக் குளிரில் தட்டில் வைத்துப் பேச்சில் நின்றால், மேலண்ணத்தில் மெழுகு பூசியது போல ஒட்டும். தட்டைச் சூடாக்கி வையுங்கள், இல்லையென்றால் 12 சதவீதத்தோடு நிறுத்துங்கள்.

இனிக் கட்லட். இங்கே கொழுப்பு எதிரி. ஈரம் தருவதற்குக் கிழங்கு இருக்கிறது, பொரிக்கிற எண்ணெய் இருக்கிறது. இறைச்சி ருசிக்கு மட்டும்தான். கொழுப்புக் கூடிய மின்ஸ் இதில் ஏமாற்றும். வதக்கிக் கிழங்கோடு பிசைந்து ஆறவிட்டால் நம் குளிரில் கொழுப்பு உறைந்து, உருண்டை பிடிக்க அத்தனை அழகாக வரும். 'ஆஹா' என்று எண்ணெயில் போடுவீர்கள். உள்ளே கொழுப்பு உருகிக் கிழங்கு குழைந்து, ரஸ்க் தூள் கவசம் ஒரு பக்கம் பிளந்து, உள்ளே இருப்பது எண்ணெயில் கலந்துவிடும். பிழைத்து வந்தவையும் தேத்தண்ணி நேரத்தில் ஆறியதும் மேலோட்டின் கீழே வெள்ளையாகக் கொழுப்புக் காட்டும். 10 சதவீதத்துக்குக் கீழே உள்ளது போதும். கொழுப்பு மின்ஸ்தான் கிடைத்ததென்றால், நீர் வற்றி இறைச்சி சடசடக்கும் வரை வறுத்து, தாச்சியைச் சரித்து, தேங்கியதை வடித்துவிட்டுப் பிறகு வெங்காயம் போடுங்கள். (கிழங்கு ஈரமாக இருந்தாலும் கட்லட் வெடிக்கும், அந்தப் பழியை இறைச்சிமேல் போடாதீர்கள்.)

ஆக, எது வாங்குவது? என் முடிவு, மின்ஸே வாங்காதீர்கள். மருமகனின் பிறந்தநாளுக்கு மூன்றும் செய்ய வேண்டியிருந்தது. போயாவுக்கு முதல் நாள், கடையில் நெரிசல்.

"நானா, கொழுப்பில்லாத மாட்டுச் சதை ஒன்றரைக் கிலோ தனியா அரைச்சுத் தாங்க. சிறுநீரகத்தைச் சுத்தி இருக்கிற கொழுப்பு 200 கிராம் வேற பையில."

"எல்லாரும் கொழுப்ப எடுத்துப் போடச் சொல்றாங்க, நீங்க கேட்டு வாங்குறீங்களே தங்கச்சி!"

சுத்தமான சதையில் 7 சதவீதம், அந்தக் கொழுப்பில் 90 சதவீதம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். பர்கருக்கு 610 கிராம் சதையும் 110 கிராம் கொழுப்பும். கொழுப்பு 20 சதவீதத்தை ஒட்டி வந்தது, 120 கிராம் வீதம் ஆறு பர்கர். கபாபுக்கு 450-க்கு 50, அது 15 சதவீதம். மிச்சம் 440 கிராம் சதை அப்படியே கட்லட்டுக்கு. கொழுப்பின் மேல் சவ்வை உரித்து, உறையவைத்து, காரட் சீவும் தட்டில் சீவினால் சதையோடு சீராகக் கலக்கும். இளகிய கொழுப்பைச் சீவப் போனால் தட்டில் அப்பிக்கொள்ளும், எனக்கு முதல் தடவை அதுதான் நடந்தது.

கட்லட் ஒன்றுகூட வெடிக்கவில்லை. கபாபில் இரண்டு கம்பியிலிருந்து நழுவின. அவற்றைப் பிசைந்தது மச்சான், இரண்டு நிமிடத்தில் கை வலிக்கிறது என்று விட்டுவிட்டார். மிஞ்சிய 40 கிராம் கொழுப்பை உருக்கி வெலிமடைக் கிழங்கை வறுத்தேன், அதுதான் முதலில் முடிந்தது.