"என்ற அம்மாயி" என்றால் யார் பெயர் என்று கேட்கிறது

போன வாரம் நோம்பிக்கு வந்திருந்த சம்பந்தி கேட்டார்: "ஏனுங்க, உங்க பேத்தி ஏதோ பேசுற ஆப்புல தமிழ் பழகுதாமா? டெக்ஸாஸ்ல இருக்கற எங்க பையனுக்கும் போட்டு உடலாமுங்களா?" போடுங்க என்று சட்டென்று சொல்லிவிட்டேன். படுத்த பிறகுதான் ஒரே வெசனம். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

பேத்திக்கு ஏழு வயது, மெல்போர்ன். அங்கே சாயங்காலம் ஏழு மணி என்றால் கோபியில் மதியம் இரண்டை ஒட்டி இருக்கும். நான் சாப்பிட்டுக் கண்ணசரும் நேரம். அதனால் எட்டு மாதமாக அந்த நேரத்தில் அவளோடு பழமை பேசுவது அந்தச் சாட்பாட்தான். பேசியதெல்லாம் எழுத்தாகத் திரையில் விழுவதை மகள் எனக்கு அனுப்பிவிடுவாள். வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், சும்மா விடுவேனா? ஒன்று விடாமல் படித்தேன்.

திருத்துகிற விதம் முதலில் ரொம்பப் பிடித்தது. "நேத்து பார்க் போறேன்" என்பாள். தப்பு என்றே சொல்லாது. "ஓ, நேத்து பார்க்குக்குப் போனியா? யாரு கூடப் போன?" என்று சரியான சொல்லைத் தன் பேச்சிலேயே வைத்துத் திருப்பிக் கேட்கும். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் இவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை. ஆனால் மூன்று வாரம் கழித்தும் பிள்ளை "நேத்து போறேன்" என்றுதான் சொன்னாள். யாரோடு போனோம் என்ற கேள்வி அவள் காதில் விழுந்தது, திருத்தம் விழவில்லை. கனடாவில் பிரெஞ்சு மொழியில் பாடம் நடக்கும் வகுப்புகளை லிஸ்டர், ரான்டா என்ற இருவர் ஆராய்ந்து 1997-லேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள்: ஆசிரியர்கள் அதிகம் கையாண்டது இந்த முறைதான், பிள்ளைகள் பிழையைச் சரிசெய்தது இதில்தான் குறைவு.

பிறகு மகள் அமைப்புகளில் இரண்டு வரி எழுதி வைத்தாள். பிழை வந்தால் "போனியா, போறியா?" என்று கேட்டுப் பிள்ளையையே தேர்ந்தெடுக்க விடு, ஒரு பேச்சில் இரண்டு தடவைக்கு மேல் திருத்தாதே. அடுத்த மாதத்துக்குள் "போனேன்" ஒட்டிக்கொண்டது.

வயதுக்கேற்ற சொல் என்று விளம்பரத்தில் இருந்ததை நம்ப வேண்டாம். ஏழு வயது என்று குறித்தால் வாக்கியம் குட்டையாகிறது, அவ்வளவுதான். "உன் பொழுதுபோக்கு என்ன?" என்று கேட்டு முதல் நாளே பிள்ளையை முழிக்க வைத்தது. வாரத்துக்கு இருபது வீட்டுச் சொல்லை நாமே எழுதிக் கொடுத்தால் அவற்றை வைத்து நன்றாகவே பேசுகிறது. பேச்சு நீண்டால் மறுபடி புத்தகத் தமிழுக்கு நழுவிவிடும். பத்து நிமிடத்தில் முடித்துப் புதிதாகத் தொடங்குவது நல்லது.

உச்சரிப்பை மட்டும் இதை நம்பி விடாதீர்கள். போனில் என்னிடம் "வாலப்பலம்" என்கிறாள். திரையில் பார்த்தால் "வாழைப்பழம்" என்று அழகாக விழுந்திருக்கிறது. பேச்சை எழுத்தாக்கும் பகுதி, எந்தச் சொல்லாக இருக்கும் என்று ஊகித்துத் தானே ழகரம் போட்டுவிடுகிறது. பதில் சொல்லும் பகுதிக்கு அந்த எழுத்து மட்டுந்தான் போய்ச் சேருகிறது. பிறகு அது எதைத் திருத்தும்? "சூப்பர்!" என்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு அடங்காத கோபம் "என்ற" மேல்தான். எங்கள் பக்கம் என்ற, உன்ற என்றால் என்னுடைய, உன்னுடைய என்று சம்பந்திக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேத்தி "என்ற அம்மாயி ஒப்புட்டு சுட்டாங்க" என்றாள். அது "யாருக்கு அம்மாயின்னு பேரு?" என்று கேட்கிறது! எழுத்துத் தமிழில் 'என்கிற' என்று பொருள்படும் 'என்ற' ஆக எடுத்துக்கொண்டுவிட்டது. பிள்ளை விளக்கியதும், "ஓ, என்னோட பாட்டியா?" என்று அதே மென்மையான திருத்தம். "பொழுதோட வரேன்" என்றால் "சீக்கிரமா வரியா?" என்கிறது. பொழுதோட என்றால் சாயங்காலம் ஐயா!

இவையெல்லாம் பிழையல்ல, ஊர்ப்பேச்சு, திருத்தாதே என்று பட்டியலே போட்டுக் கொடுத்தோம். 'அம்மாயி'யை விட்டுவிட்டது. 'என்ற'வை நாலு நாள் விட்டது, ஐந்தாம் நாள் மறுபடி "என்னோட".

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேத்தி, "என்னோட பாட்டி எங்க?" என்றாள். ஒரு பிழை இல்லை. வீட்டுக்காரி "ஆருடி பாட்டி?" என்று சிரித்துவிட்டுப் பொடக்காலிப் பக்கம் போய்விட்டாள்.

சம்பந்தி, உங்கள் பையனுக்குப் போடுங்கள். பேசக் கூச்சப்பட்ட பிள்ளை எட்டு மாதத்தில் கதை சொல்கிறாள், அதை மறைக்க முடியாது. எங்கள் மகளிடம் அடுத்த மாதத்துக்குக் காசு கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ரெண்டு மணித் தூக்கத்தை மூணு மணிக்கு மாற்றிக்கொண்டாயிற்று.