காரிடார் பூ அலங்காரத்தை முழக்கணக்கில் பேசி ஏமாந்த கதை

இந்த நவராத்திரிக்கு எங்கள் மாடியில் நான்கு வீடும் சேர்ந்து காரிடாரை அலங்கரிக்கலாம் என்று பேசினோம். ஆளுக்கு 2,000, மொத்தம் 8,000. பணத்தை வசூல் பண்ணி அலங்காரக்காரரிடம் பேசி முடித்தவள் நான்தான், அதனால் நடந்தது எல்லாம் என் மனதில் அப்படியே கிடக்கிறது. அதே ஆள் இப்போது தீபாவளிக்கு 'ஃபிளாட் காரிடார் டெக்கரேஷன்' என்று பக்கத்து பிளாக் வாட்ஸ்அப் குரூப்பில் விலைப்பட்டியல் அனுப்பியிருக்கிறார். அதைப் பார்த்த பிறகும் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் காரிடார் 28 அடி நீளம், 5 அடி அகலம். ஒரு பக்கம் இரண்டு கதவு, எதிர்ப்பக்கம் இரண்டு கதவு. நான்கு வீட்டில் மூன்று வீட்டில் கொலு வைப்போம், ஒன்பது நாளும் சாயங்காலம் யாராவது தாம்பூலம் வாங்க வந்துகொண்டே இருப்பார்கள். லிஃப்டிலிருந்து இறங்கியதுமே பண்டிகைக் களை தெரிய வேண்டும், அதுதான் ஆசை. பூ ஒன்பது நாள் தாங்காது என்பதால் செயற்கை மாவிலைத் தோரணமும் சீரியல் லைட்டும் ஒன்பது நாளும் இருக்கட்டும், நிஜப் பூ மட்டும் முதல் நாள் ஒரு தடவை, சரஸ்வதி பூஜை அன்று காலையில் புதிதாக ஒரு தடவை என்று முடிவு செய்தோம்.

அவர் சொன்ன கணக்கு இது. முதல் தடவை சாமந்தி 44 முழம், முழம் 45 ரூபாய், 1,980. பூஜை நாளில் பூ விலை ஏறும் என்று அவரே முழத்துக்கு 60 போட்டு 2,640. லைட் வாடகை ஆறு செட் 1,200, மாவிலைத் தோரணம் நான்கு 1,000, கட்டுக்கூலி 1,180. ஆக 8,000. எல்லாம் தனித்தனியாக இருந்ததால் எங்களுக்கும் திருப்தி. 44 முழம் என்பதும் நாங்கள் கணக்குப் போட்டுச் சொன்னதுதான். நிலைப்படி மூன்றரை அடி, அதன் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடி தொங்கவிட்டால் ஒரு கதவுக்கு ஏழரை அடி, நான்கு கதவுக்கு 30. காரிடார் நீளம் 28 என்றாலும் சுவரில் வளைத்து வளைத்துத் தொங்கவிட கால் பங்கு கூட வேண்டும், அது 35. மொத்தம் 65 அடி. முழம் ஒன்றரை அடி என்று வைத்து 44.

அந்த ஒன்றரை அடி எங்கள் மனதில் மட்டும்தான் இருந்தது. அவர் அனுப்பிய மெசேஜில் 'முழம்' என்றுதான் இருந்தது, நானும் சரி என்று தம்ஸ் அப் போட்டேன்.

முதல் நாள் காலை பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்னவர் சாயங்காலம் நாலரைக்கு இரண்டு பையன்களை அனுப்பினார். ஆறு மணிக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். பையன்கள் லிஃப்ட் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டே வந்தார்கள். மூன்றாவது கதவை முடித்தபோது கையில் பூச்சரம் தீர்ந்துவிட்டது. நான்காவது கதவும் கடைசிச் சுவரும் காலி. அது தனியாக இருக்கிற ஒரு பாட்டி வீடு. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய், வீட்டில் இருந்த நாலு மாவிலையை நூலில் கோத்துத் தானே நிலையில் மாட்டினார்கள். ஸ்டூல் மேல் ஏறி நின்ற அவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். அந்த நேரத்தில் எனக்கு வந்த அவமானத்தை எப்படிச் சொல்வது. அவர்களும் மற்றவர்களைப் போலவே முழுசாக 2,000 கொடுத்தவர்கள்.

பையன்களைக் கேட்டால் "44 முழம் எண்ணித்தான் குடுத்தாங்கக்கா" என்றார்கள். எதிர்வீட்டு அக்கா தையல் டேப் எடுத்து வந்து, மாட்டியதை எல்லாம் அளந்தார். 48 அடிக்குச் சற்றே குறைவு. அப்படியென்றால் அவருடைய முழம் ஒரு அடி ஒரு அங்குலம். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை நீட்டி அளந்தால்தான் ஒன்றரை அடி வரும். விரலை மடக்கி, சரத்தைத் தளர்வாகப் பிடித்து அளந்தால் ஒவ்வொரு முழத்திலும் நாலைந்து அங்குலம் போய்விடும். வாசலில் பூ விற்கிற அம்மாவிடம் ஒரு முழம் வாங்கும்போது அது தெரியாது, தெரிந்தாலும் யாரும் கேட்கமாட்டோம். 44 முழத்தில் அது 18 அடி, கிட்டத்தட்ட 12 முழம், 540 ரூபாய்.

அடுத்தது கட்டிய நெருக்கம். இதை அளவு டேப் காட்டாது, பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் நடுவில் இரண்டு விரல் வெள்ளை நூல் தெரிந்தது. சரத்தைக் கையில் எடுத்தால் கனமே இல்லை. போதாததற்கு வந்தது சாமந்தியே இல்லை, செண்டுமல்லி. போனில் கேட்டதற்கு "அதுவும் துலுக்கச் சாமந்திதானே மேடம், எல்லாம் ஒண்ணுதான்" என்றார். ஒன்று இல்லை. அதை அப்படிச் சொல்கிற வழக்கம் உண்டுதான், ஆனால் அது வேறு பூ, விலையும் பெரும்பாலும் குறைவு. செண்டுமல்லி போடுவதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் கிடையாது, காரிடாருக்கு அது நன்றாகத்தான் இருக்கும். சாமந்தி விலை வாங்கிக்கொண்டு அதைப் போட்டதுதான் ஏமாற்று.

லைட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆறு செட்டையும் ஒன்றோடு ஒன்று கோத்து, செருப்பு ஸ்டாண்ட் பக்கத்தில் இருக்கிற ஒரே பிளக்கில் சொருகியிருந்தார்கள். நடுவில் ஒரு இடத்தில் ஒயரை முறுக்கி மேலே சாதாரண செல்லோடேப் சுற்றியிருந்தது. மூன்றாம் நாள் காலையில் கோலத்துக்காகத் தண்ணீர் தெளித்தபோது மாடியின் பொது லைன் மொத்தமும் டிரிப் ஆனது. அதுவே பெரிய பாக்கியம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். டிரிப் ஆகாமல் இருந்திருந்தால் ஈரத்தரையில் நின்றவர்களுக்கு ஷாக் அடித்திருக்கும். ஓடி விளையாடுகிற குழந்தைகள் இருக்கிற மாடி. ஜாயின்ட் போட்ட ஒயர் கண்ணில் பட்டால் அலங்காரம் போனாலும் பரவாயில்லை என்று அப்போதே கழற்றச் சொல்லுங்கள்.

இப்போது பணம். அட்வான்ஸ் 4,000 முன்னாலேயே கொடுத்தோம். மீதி 4,000 பூஜை நாள் வேலை முடிந்த பிறகு என்பது பேச்சு. ஆனால் அது பேச்சு மட்டும்தான், மெசேஜில் இல்லை. முதல் நாள் ராத்திரி போன் செய்து, குறைந்த பூவை பூஜை நாளில் சேர்த்துப் போட்டுவிடுகிறேன், மொத்த வியாபாரிக்கு முன்பணம் கட்டினால்தான் அன்று பூ கிடைக்கும், மீதியைப் போட்டுவிடுங்கள் என்று கெஞ்சினார். மூன்று வீட்டையும் கேட்காமல் நான் போட்டுவிட்டேன். இதில் என் தவறு இருக்கிறது, அதை அன்றே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

பூஜைக்கு முந்தின நாள் மதியம் "பூ விலை ஏறிப்போச்சு, இன்னும் 1,500 போட்டாதான் முடியும்" என்று வாய்ஸ் மெசேஜ். விலை ஏறும் என்றுதானே முழத்துக்கு 15 ரூபாய் கூட்டிப் போட்டீர்கள் என்று கேட்டேன். அதோடு சரி, அதன் பிறகு போன் எடுக்கவில்லை. பூஜை அன்று காலையிலும் யாரும் வரவில்லை. பணம் போன யுபிஐ பெயரைப் பார்த்தால் அது அவர் எங்களிடம் சொன்ன பெயரே இல்லை. பில் கிடையாது, முகவரி கிடையாது. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்திருக்கிறேன், பணம் அனுப்பிய ரசீதும் மெசேஜ்களும்தான் என்னிடம் இருக்கிற சான்று. வராத பூ 2,640, குறைந்த பூ 540, ஆக 3,180 ரூபாய் எங்களுக்கு வர வேண்டியது. பூவில் பூ மாற்றியதை இதில் சேர்க்கவே இல்லை.

அன்று விடியற்காலையில் இரண்டாவது வீட்டுத் தம்பி பைக்கில் கோயம்பேடு போய் நாலு கிலோ செண்டுமல்லி உதிரியாக வாங்கி வந்தான். பெரிய ஊசி, கெட்டி நூல், காரிடாரிலேயே பாய் விரித்து நான்கு வீட்டுக்காரர்களும் உட்கார்ந்து கோத்தோம், பாட்டிதான் எல்லாரையும் விட வேகம். அப்போதுதான் எனக்கு ஒரு கணக்கு பிடிபட்டது. இடைவெளி இல்லாமல் நெருக்கமாகக் கோத்தால் ஒரு கிலோ செண்டுமல்லிக்கு 12 அடி வருகிறது. எங்கள் காரிடாருக்கு முழுக்கப் பூவாகவே போட்டால் ஐந்தரை கிலோ ஆகியிருக்கும், நடுநடுவே மாவிலை வைத்துக் கோத்ததால் நாலு கிலோவிலேயே 65 அடியும் முடிந்தது. பூ சின்னதாக இருந்தால் அளவு கொஞ்சம் மாறும். ஆனால் யாராவது 65 அடி நெருக்கமான சரம் என்று சொல்லி, தூக்கிப் பார்த்தால் இரண்டு கிலோ கூட வராவிட்டால் அதில் பாதிக்கு மேல் நூல்தான்.

அதனால் தீபாவளிக்குப் பேசுகிறவர்கள் 'முழம்' என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். 2009 எடையளவுச் சட்டப்படி வியாபாரத்துக்கு மீட்டரும் கிலோவும்தான் அளவு, முழத்தை வைத்துப் புகார் கொடுக்கப் போனால் எந்த முழம் என்று கேட்பார்கள், உங்களிடம் பதில் இருக்காது. எத்தனை மீட்டர், எத்தனை கிலோ பூ, எந்தப் பூ என்று மெசேஜில் எழுதி, பூவின் போட்டோவைச் சேர்த்து அனுப்பி, அவரிடமிருந்து 'ஓகே' வாங்குங்கள். எந்தத் தேதி எத்தனை மணிக்கு எவ்வளவு பணம் என்பதும் அதே மெசேஜில் இருக்கட்டும். கட்டும்போது முதலில் நான்கு கதவையும் முடிக்கச் சொல்லுங்கள், சுவர் அப்புறம். குறைந்தாலும் பொதுச் சுவரில் குறையும், ஒரு வீட்டு வாசல் மட்டும் காலியாக நிற்காது. இதை நான் அன்று யோசித்திருந்தால் பாட்டி ஸ்டூல் மேல் ஏறியிருக்க வேண்டியதில்லை.

பாட்டியின் 2,000-ஐ நான் திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்க மறுத்துவிட்டார்கள். கடைசியில் நாலு கிலோ பூவின் செலவில் அவர்கள் பங்கை மற்ற மூன்று வீடும் ஏற்றுக்கொண்டோம். பக்கத்து பிளாக்கில் ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்துவிட்டவர்கள் இருந்தால், மீதிப் பணத்தைப் பற்றி இன்றே ஒரு வரி எழுதி அனுப்பி அவர் பதிலை வாங்கி வையுங்கள், எங்கள் ஸ்கிரீன்ஷாட்டுகள் வேண்டுமானால் நான் தருகிறேன்.